ஐஆர்என் இருக்கும் பில்லுக்கு இன்புட் கிரெடிட் ஏன் வரவில்லை?

வாசகர் கடிதம்:

"ஒரு சிறு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பிளாஸ்டிக் குருணை வாங்கி மூடிகள் தயாரிக்கிறோம். நவம்பர் 2025-ல் ஒரே சப்ளையரிடம் இருந்து மூன்று பில். ஒவ்வொன்றும் 5 லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 5,90,000. முதல் பில் எங்கள் கிரெடிட் பட்டியலான GSTR-2B-யில் வந்துவிட்டது. 14-ம் தேதியிட்ட இரண்டாவது பில்லில் மின் பில் பதிவு எண்ணான ஐஆர்என்னும் க்யூஆர் குறியும் இருக்கின்றன, ஆனால் 2B-யில் இல்லை. 24-ம் தேதியிட்ட மூன்றாவதில் ஐஆர்என்னே இல்லை. 'சின்ன பில்லுக்கு வேண்டாம்' என்கிறார் சப்ளையர். அவருடைய விற்றுமுதல் வருடத்துக்கு 40 கோடி. சரக்கு வந்துவிட்டது, பணமும் முழுக்கக் கொடுத்தாயிற்று. 'அரசாங்க சிஸ்டத்திலேயே பில் ஏறிவிட்டது, 2B-யில் இல்லாததையும் கொஞ்சம் எடுக்கலாம், எல்லாவற்றையும் எடு' என்கிறார் முதலாளி. டிசம்பர் 20-ம் தேதி, வரி கட்டும் மாதக் கணக்கான GSTR-3B போட வேண்டும். எவ்வளவு எடுக்கலாம்? முதல் பில்லைப் பற்றி இனி கவலை இல்லை என்று நினைக்கிறேன், சரிதானே?"

பதில்: ஜிஎஸ்டி வழக்கறிஞர்

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்புட் கிரெடிட் என்பது வாங்கும்போது கொடுத்த வரியை, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. இந்த மாதம் முதல் பில்லின் 90,000 ரூபாயை மட்டும் எடுங்கள். மற்ற இரண்டின் 1,80,000 ரூபாயை நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைப்பதால் அந்தப் பணம் உங்கள் கையை விட்டுப் போய்விடாது. 2025-26 நிதியாண்டின் பில்களுக்கு 30 நவம்பர் 2026 வரை கிரெடிட் எடுக்கலாம். அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால் அந்தத் தேதியோடு முடிந்துவிடும். இந்த மாதம் அவ்வளவு தொகையைக் கூடுதலாக ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும், அது உங்கள் முதலாளிக்கு வலிக்கும். அந்த வலியை எப்படிச் சீக்கிரம் தீர்ப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. மூன்று பில்லும் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்பதால், மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

அதற்கு முன், முதலாளி சொன்ன "கொஞ்சம் எடுக்கலாம்" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அப்படி விதியே இருந்தது. விற்றவர் காட்டிய பில்களுக்கு மேல் வாங்கியவர் 20 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கலாம் என்று 2019 அக்டோபரில் விதி 36(4) அனுமதித்தது. 2020-ல் அது 10 சதவீதமானது, 2021-ல் 5 ஆனது. 2022 ஜனவரி 1 முதல் பூஜ்யம். அன்றே சட்டத்தின் 16(2)(aa) பிரிவும் நடைமுறைக்கு வந்தது: விற்றவர் தன் விற்பனைக் கணக்கான GSTR-1-ல் அந்தப் பில்லைக் காட்டி, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தெரிவிக்கும் தாள்தான் GSTR-2B. ஆகவே 2B-யில் இல்லாத பில்லுக்கு இன்று ஒரு ரூபாய்கூட எடுக்க இடமில்லை.

ஐஆர்என் எதை உறுதிப்படுத்துகிறது

குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சப்ளையர் பில் விவரத்தை மின் பில் பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறார். தளம் அவருடைய ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, பில் எண் ஆகிய நான்கையும் சேர்த்து 64 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத்தை உண்டாக்குகிறது. அதுதான் ஐஆர்என். இந்த நான்கில் தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் தொகையை மாற்றிக்கூட அதே பில் எண்ணை அந்த நிதியாண்டில் இன்னொரு தடவை பதிய முடியாது. ஒரே எண்ணில் இரண்டு பேருக்கு இரண்டு பில் கொடுக்கும் பழைய வேலைக்கு அங்கே வழி அடைபட்டது.

க்யூஆர் குறிக்குள் விற்றவர், வாங்கியவர் எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை வகைச் சரக்கு, முக்கியச் சரக்கின் எச்எஸ்என் வகைக் குறியீடு, ஐஆர்என் ஆகியவை தளத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு இருக்கும். அதை அரசின் சரிபார்ப்புச் செயலியால் படியுங்கள், சாதாரண ஸ்கேனர் போதாது. காகிதத்தில் 5,90,000 என்று அச்சிட்டு, தளத்தில் 59,000 என்று பதிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

பதிவான பில் அப்புறம் ஜிஎஸ்டி தளத்துக்குப் போய், சப்ளையரின் GSTR-1 வரைவில் தானாக விழும். வரைவில் விழும், அவ்வளவுதான். அதை அவர் திருத்தலாம், நீக்கலாம், தாக்கலே செய்யாமலும் விடலாம். அவர் GSTR-1 தாக்கல் செய்த பிறகுதான் பில் உங்கள் 2B-க்கு வரும். "சிஸ்டத்தில் ஏறிவிட்டது" என்று உங்கள் முதலாளி சொன்னது உண்மை. ஆனால் ஏறிய இடமும் கிரெடிட்டைத் திறக்கும் இடமும் வேறு வேறு.

இரண்டாவது பில்: எங்கே நின்றது என்று கண்டுபிடியுங்கள்

சப்ளையரிடம் சண்டைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. `einvoice.gst.gov.in` தளத்தில் உங்கள் ஜிஎஸ்டி கணக்கோடு உள்ளே போனால், உங்கள் பெயருக்கு வந்த மின் பில்களைப் பதிவிறக்கலாம். பதிவாகி ஆறு மாதம் வரை அங்கே கிடைக்கும். பில் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்றும் தெரியும். இது முக்கியம். ஐஆர்என் பெற்ற 24 மணி நேரத்துக்குள் சப்ளையர் அதை ரத்து செய்ய முடியும். பில்லின் பிடிஎஃப்பை உங்களுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் ரத்து செய்துவிட்டால், உங்கள் கையில் இருக்கும் காகிதம் அழகாகவே இருக்கும், க்யூஆரும் படிக்கும். தளத்தில் மட்டும் அது செத்த பில். வேறு யாரோ ஒருவரின் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டிருந்தாலும் உங்கள் பட்டியலில் அந்தப் பில் இருக்காது.

அங்கே பில் உயிரோடு இருந்தால், அடுத்து ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் ஐஎம்எஸ் பக்கத்தைத் திறவுங்கள். 2024 அக்டோபரில் வந்த இந்த வசதியில் ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நிராகரித்ததற்கும் நிலுவையில் வைத்ததற்கும் 2B-யில் கிரெடிட் வராது. உங்கள் அலுவலகத்திலேயே யாராவது மூன்று பில்லையும் பார்த்துக் குழம்பி இதை நிலுவையில் போட்டிருக்கலாம். நடக்கிற விஷயம்தான் இது, முதலில் இங்கே பார்ப்பது நல்லது.

உங்கள் பக்கம் எல்லாம் சரி என்றால், சப்ளையர் பக்கம் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். நவம்பர் GSTR-1-ஐ 11-ம் தேதிக்குள் போடவில்லை. போட்டார், ஆனால் வரைவில் இருந்து இந்தப் பில்லை எடுத்துவிட்டார். அல்லது தன் மென்பொருளில் இருந்து வேறு பட்டியலை ஏற்றும்போது இது விட்டுப்போனது. தாக்கல் செய்தாரா என்பதை ஜிஎஸ்டி தளத்தின் பொதுத் தேடலில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டாலே தேதியோடு காட்டும்.

விட்டுப்போயிருந்தால் அவருக்கு இரண்டு வழி. நவம்பர் GSTR-3B-ஐ இன்னும் போடவில்லை என்றால், GSTR-1-ஐத் திருத்தும் படிவமான GSTR-1A-வில் இதைச் சேர்க்கலாம். போட்டுவிட்டால், டிசம்பர் GSTR-1-ல் சேர்த்து ஜனவரி 11-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். உங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் பில் ஜனவரி 14 அன்று உருவாகும் டிசம்பர் 2B-யில்தான் வரும். அவரைப் பொறுத்தவரை வித்தியாசம் உண்டு. GSTR-1A வழியாகப் போனால் வரி நவம்பர் கணக்கிலேயே நேரத்துக்குச் சேரும். ஒரு மாதம் தள்ளினால் அந்த 90,000-க்கு அவர் வட்டி கட்ட வேண்டும். "எனக்காகச் செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, இந்த வட்டியைக் காட்டிப் பேசினால் வேலை நடக்கும்.

மூன்றாவது பில்: 23 டிசம்பருக்குள்

அவசரம் இங்கேதான். "சின்ன பில்லுக்கு வேண்டாம்" என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பதிவு பெற்ற இன்னொரு வியாபாரிக்கு விற்கும் பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் கிடையாது. 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் மின் பில் கட்டாயம். இடையில் குறைந்துவிட்டது என்று சொன்னாலும் விலக்கு வராது. வங்கி, காப்பீடு, சரக்குப் போக்குவரத்து முகமை போன்ற சில தொழில்களுக்கு விலக்கு உண்டு. பிளாஸ்டிக் குருணை விற்பவர் அதில் வர மாட்டார்.

கட்டாயம் உள்ளவர் ஐஆர்என் இல்லாமல் கொடுக்கும் பில்லை, பில்லாகவே கருதக் கூடாது என்கிறது விதி 48(5). இதன் விளைவு உங்கள் தலையில்தான் விழும். சப்ளையர் சமாதானமாக "சரி, GSTR-1-ல் கையால் ஏற்றிவிடுகிறேன், 2B-யில் வந்துவிடும்" என்று சொல்லக்கூடும். தளமும் அதைத் தடுக்காது, 2B-யிலும் வரும். ஆனால் கிரெடிட்டுக்கு முதல் நிபந்தனை செல்லுபடியான பில் கையில் இருப்பது. 2B-யில் வந்தது அந்தக் குறையைத் தீர்க்காது. தணிக்கையில் அதிகாரி அந்தப் பில்லின் காகிதத்தை எடுத்து க்யூஆர் எங்கே என்று கேட்டால், உங்களிடம் பதில் இருக்காது.

10 கோடியோ அதற்கு மேலோ விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியில் இருந்து 30 நாட்களுக்குள் அதைப் பதிய வேண்டும் என்பது 1 ஏப்ரல் 2025 முதல் உள்ள கட்டுப்பாடு. தளம் பில் தேதியையும் ஒரு நாளாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் நவம்பர் 24 தேதியிட்ட பில்லுக்கு டிசம்பர் 23 கடைசி நாள். அதற்குப் பிறகு தளம் அந்தப் பில்லை வாங்காது. எனவே இன்றே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். பதிவான பிறகு க்யூஆரோடு புதிய பிரதியை வாங்கி, பழையதை ஒதுக்கிவையுங்கள். நவம்பர் GSTR-1 ஏற்கெனவே தாக்கலாகியிருந்தால் இது அதற்குள் தானாகப் போய்ச் சேராது. இரண்டாவது பில்லுக்குச் சொன்னபடி GSTR-1A-விலோ டிசம்பர் GSTR-1-லோ அவரே சேர்க்க வேண்டும். அதையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐஆர்என் இருந்தும் 2B-யில் இல்லாத இன்னொரு பில்லாக இது மாறும்.

இந்த இரண்டையும் இப்போதே எடுத்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று முதலாளி கேட்பார். தவறாக எடுத்துச் செலவழித்த கிரெடிட்டுக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 1,80,000-க்கு மாதம் 2,700 ரூபாய் ஆகிறது. தொகை பெரிதாகத் தெரியாது. ஆனால் 3B-யில் எடுத்ததும் 2B-யில் இருப்பதும் ஒன்றுக்கொன்று இயந்திரத்தால் ஒப்பிடப்படுகின்றன. ஒரு வரம்பைத் தாண்டினால் DRC-01C என்ற அறிவிப்பு வரும், ஏழு நாளில் கட்டவோ விளக்கவோ வேண்டும். 2,700-ஐ விட, "2B-க்கு மேல் எடுத்தவர்" என்ற பதிவு உங்கள் எண்ணில் நிற்பதுதான் எனக்குக் கவலை.

முதல் பில்லுக்கும் ஒரு கண் வேண்டும்

2B-யில் வந்துவிட்டால் முடிந்தது என்ற உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 2B என்பது விற்றவர் "விற்றேன்" என்று சொன்னதற்கான சாட்சி. வரியைக் கட்டினாரா என்பது அதில் இல்லை. 16(2)(c) பிரிவு வரி உண்மையில் அரசுக்குச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. விதி 37A அதற்குத் தேதி வைக்கிறது: சப்ளையர் GSTR-1 போட்டுவிட்டு அந்த மாதத்தின் 3B-ஐ 30 செப்டம்பர் 2026 வரை போடவில்லை என்றால், நீங்கள் எடுத்த 90,000-ஐ 30 நவம்பர் 2026-க்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். பின்னால் அவர் 3B போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஓர் அமைப்பு உண்டு. முந்தைய மாத 3B போடாதவரால் அடுத்த மாத GSTR-1 போட முடியாது. எனவே வரி கட்டாமல் ஒருவர் பில் காட்டிக்கொண்டே போவது ஏறக்குறைய ஒரு மாதத்தோடு நின்றுவிடும். அடுத்த மாதத்தில் அவருடைய பில்கள் உங்கள் 2B-யில் இருந்து மொத்தமாகக் காணாமல் போகும். அதுதான் எச்சரிக்கை மணி. 2025 ஜூலை மாதக் கணக்கில் இருந்து, GSTR-1-ல் காட்டிய வரியை 3B-யில் குறைத்து எழுதவும் முடியாது. ஒவ்வொரு மாதமும் 20-ம் தேதிக்குப் பிறகு பொதுத் தேடலில் அவருடைய 3B தேதியைப் பார்த்து, திரையைச் சேமித்து வையுங்கள்.

இத்தனை பொருத்திப் பார்த்தும் பிடிபடாத ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் சப்ளையர் 90,000 வரியை ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றில்லை, தன்னுடைய கிரெடிட்டாலும் கட்டலாம். அந்தக் கிரெடிட் சரக்கே இல்லாமல் பில் மட்டும் விற்கும் ஒரு போலி நிறுவனத்திடம் இருந்து வந்திருந்தால்? அவருடைய GSTR-1-ம் உங்கள் 2B-யும் ரூபாய் பிசகாமல் பொருந்தும், 3B-யும் நேரத்துக்குப் போயிருக்கும். அந்தப் போலி நிறுவனம் பெரும்பாலும் புதிதாகப் பதிவானதாக இருக்கும். 5 கோடியைத் தொடாததால் அதற்கு மின் பில் கட்டாயமே இல்லை. சங்கிலியின் நடுவில் இருப்பவர்களை மின் பில் நன்றாகக் கண்காணிக்கிறது. சங்கிலி தொடங்கும் இடத்தில் அதன் பார்வை மங்கல்தான். சரக்கு நிஜமாக நகர்ந்ததா என்பதும் அதற்குத் தெரியாது.

சப்ளையர் கட்டாத வரிக்கு வாங்கியவரைத்தான் முதலில் பிடிப்பதா என்ற கேள்வியில் நீதிமன்றங்கள் வாங்கியவருக்கு ஓரளவு கை கொடுத்திருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் டி.ஒய். பீத்தெல் வழக்கிலும், கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023-ல் சன்கிராஃப்ட் எனர்ஜி வழக்கிலும், விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவர் மேல் மட்டும் பாய்ந்ததை ஏற்கவில்லை. ஆனால் அதே 2023-ல் ஈகாம் கில் காஃபி டிரேடிங் வழக்கில், பழைய கர்நாடக வாட் சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றம் வேறொன்றைச் சொன்னது: பில்லும் காசோலையும் மட்டும் போதாது, சரக்கு வந்ததை வாங்கியவர் நிரூபிக்க வேண்டும். லாரி விவரம், வாடகை ரசீது, சரக்கைப் பெற்ற ஒப்புகை ஆகியவற்றை அந்தத் தீர்ப்பு பெயர் சொல்லிக் கேட்கிறது. மூன்று பில்லுக்கும் இ-வே பில், லாரி ரசீது, எடை சீட்டு, உங்கள் வாசலில் வண்டி நுழைந்த பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் இப்போதே சேர்த்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் எடை சீட்டின் மை அழிந்திருக்கும்.

பணம் முழுக்கக் கொடுத்துவிட்டதால் இந்த மூன்று பில்லில் உங்கள் கையில் பிடி இல்லை. அடுத்த ஆர்டரில் அதை மாற்றலாம். சரக்கின் விலையை வழக்கம்போலக் கொடுங்கள், வரித் தொகையைப் பில் 2B-யில் வந்த பிறகு கொடுப்பதாக ஆர்டரிலேயே எழுதுங்கள். சப்ளையர் ஒப்புக்கொண்டால் இது முறையானதுதான். 180 நாளுக்குள் முழுத் தொகையும் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காரணத்துக்காகவே கிரெடிட்டைத் திருப்பிக் கொடுக்க நேரும். 14-ம் தேதி வரும் 2B-ஐப் பார்த்துக் கொடுப்பதென்றால் அந்த எல்லைக்கு நீங்கள் பக்கத்தில்கூடப் போக மாட்டீர்கள்.

ஜனவரி 14 அன்று இரண்டு பில்லும் டிசம்பர் 2B-யில் வந்திருந்தால், மூன்றாவதில் ஐஆர்என்னும் இருந்தால், ஜனவரி 20-ல் போடும் 3B-யில் 1,80,000-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால், சப்ளையருக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பும் நேரம் வந்துவிட்டது. அப்போது அவரிடம் கேட்டதற்கான செய்திகளும் தேதிகளும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.